மறைந்த மனச்சாய்வை விரல் வேகத்தில் அளக்க முடியுமா? கேள்வி பதில்

மலர்விழி: மறைந்த இனச் சாய்வை அளக்கும் IAT (Implicit Association Test) என்ற கணினிச் சோதனையைப் போன வாரம் செய்தேன், 'மிதமான சாய்வு' என்றது. நேற்று மறுபடி செய்தால் 'லேசான சாய்வு'. ஒரே வாரத்தில் திருந்திவிட்டேனா?

திருந்தவும் இல்லை, கெடவும் இல்லை. ஒரு கட்டத்தில் வெள்ளையர் முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் விசைப்பலகையில் E, கறுப்பர் முகத்துக்கும் கெட்ட சொல்லுக்கும் I அழுத்தியிருப்பீர்கள். அப்புறம் ஜோடியை மாற்றியிருப்பார்கள். எந்த ஜோடியில் விரல் தயங்குகிறது என்பதுதான் கணக்கே.

முதல் ஜோடிக்குச் சராசரி 700 மில்லிசெகண்ட், அடுத்ததற்கு 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 100. உங்கள் வேகம் ஏறி இறங்கும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 250 என்றால் வகுத்து வருவது 0.4. 0.35-ஐத் தாண்டினால் 'மிதமான'. மறுவாரம் இடைவெளி 50 ஆனால் 0.2, அது 'லேசான'. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, பட்டம் மாறிவிட்டது! ஒரே ஆட்களை மறுபடி சோதித்தால் இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு சுமார் 0.5-தான், முழுப் பொருத்தம் என்றால் 1. எடை பார்க்கும் மெஷின் இப்படி இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

தாமோதரன்: எனக்கு அறுபது வயசு, ஒற்றை விரலில் டைப் அடிப்பவன். என்னைப் போன்ற மெதுவான ஆளை வெறுப்பு பிடித்தவன் என்று சொல்லிவிடாதா ஐயா?

உங்களை உங்களோடுதான் ஒப்பிடுகிறார்கள், அடுத்த வீட்டுப் பையனோடு அல்ல. உளவியலாளர் க்ரீன்வால்டின் குழு 1998-இல் இந்தச் சோதனையை வெளியிட்டது. மேலே சொன்ன வகுத்தல் 2003-இல் வந்தது, மெதுவானவர்களின் இடைவெளி ஊதிப்போவதைக் குறைக்கத்தான். எந்த ஜோடி முதலில் வருகிறது என்பதன் பாதிப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபர்ஸானா: பொய் கண்டுபிடிக்கும் மெஷின் மாதிரிதானே? எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது வைக்கலாம் என்கிறார்கள்.

வைக்காதீர்கள். மதிப்பெண்ணுக்கும் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு 0.27 என்று க்ரீன்வால்ட் தரப்பு 2009-இல் தொகுத்துச் சொன்னது. இனம் தொடர்பான ஆய்வுகளை உளவியலாளர் ஆஸ்வால்டின் குழு 2013-இல் மறுபடி அலசியபோது கிடைத்தது ஏறக்குறைய 0.15. அதாவது, ஆளுக்கு ஆள் நடத்தை மாறுவதில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் அது விளக்குகிறது. யார் பாரபட்சம் காட்டுவார் என்று தனி ஆளைத் தரம் பிரிக்க இது சரிப்படாது என்று 2015-இல் இந்தச் சோதனையை முன்னெடுத்த க்ரீன்வால்ட், பானாஜி, நோசெக் மூவருமே எழுதிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியைப் பார்க்க உதவும் என்பது அவர்கள் வாதம். அதை நானும் ஏற்கிறேன்.

இளங்கோ: 2014-இல் உளவியலாளர் ஹானின் குழு கேட்டபோது, ஆட்கள் தங்கள் முடிவை ஓரளவு சரியாகவே முன்கூட்டி ஊகித்தார்களே. அப்புறம் 'மறைந்தது' எங்கே?

சரியான அடி. 'தானாக எழுவது' என்று சொல்லலாம், 'தனக்கே தெரியாதது' என்பது கூடுதல் வாதம். இன்னொரு சிக்கலும் உண்டு: விரல் தயங்குவது என் வெறுப்பாலா, ஊரில் புழங்கும் பேச்சைக் கேட்டுப் பழகியதாலா? மில்லிசெகண்டை மட்டும் பார்த்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. இதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.