ஜிகாவாட்டும் வீட்டுக் கணக்கும்

கேள்வி: 1 ஜிகாவாட் சூரியமின் நிலையம் உண்மையில் எத்தனை வீடுகளுக்குப் போதும்?

ஏறத்தாழ 7 லட்சம் வீடுகளுக்கு. அதுவும் ஆண்டுக் கணக்கில் மட்டும். ஜிகாவாட் என்பது நல்ல வெயிலில் நிலையம் எட்டும் உச்சம். இரவு, மேகம், தூசி எல்லாம் போக, தென் தமிழகத்தில் ஆண்டுச் சராசரி அதில் சுமார் 20 சதவீதம்தான். இதுவே திறன் பயன்பாட்டு விகிதம்.

1,000 மெகாவாட், அதாவது 10 லட்சம் கிலோவாட்டை, ஆண்டின் 8,760 மணி நேரத்தாலும் 0.2-ஆலும் பெருக்கினால் 175 கோடி யூனிட். இரண்டு மாத மின் கட்டணச் சீட்டில் 400 யூனிட் காட்டும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2,400 யூனிட் வேண்டும், வகுத்துப் பாருங்கள். யாராவது 36 லட்சம் வீடு என்றால், விகிதத்தை விழுங்கிவிட்டார்கள்.

சராசரியிலும் ஒரு பொய் உண்டு. சேமிப்பு மின்கலம் இல்லையென்றால், இரவு எட்டு மணிக்கு அந்த 7 லட்சம் வீடுகளில் ஒன்றுக்குக்கூட இந்த மின்சாரம் கிடைக்காது. முப்பந்தல் காற்றாலைகள் இரவிலும் சுற்றும். ஆனால் அவற்றின் பெரும்பங்கு உற்பத்தி மே முதல் செப்டம்பர் வரைதான்.