வேலையில் இருக்கும்போதே பார்வை குறைந்தால்: திரை வாசிப்பான் கேட்பது எப்படி?

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து: எனக்கு ஆர்பி, அதாவது விழித்திரை மெல்ல மெல்லக் கெடும் நோய். டாக்டர் சான்றிதழில் இரண்டு கண்ணுக்கும் 6/9 என்று இருக்கிறது. அதைப் பார்த்து ஹெச்ஆர், "பார்வை நன்றாகத்தானே இருக்கு, பெரிய மானிட்டர் தருகிறோம்" என்கிறார்கள். 27 அங்குலம் வந்தும் எக்செல்லில் வரிசை தொலைந்துபோகிறது.

6/9 என்பது நேர் நடுவில் தெரிவதன் அளவு மட்டும்தான். ஆர்பி ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு வரும். உங்கள் பார்வைப் புலம் 10 டிகிரிக்குச் சுருங்கியிருந்தால், அரை மீட்டர் தள்ளி இருக்கும் திரையில் சுமார் 9 செ.மீ. வட்டம்தான் ஒரே நேரத்தில் தெரியும். 27 அங்குல மானிட்டரின் அகலம் 60 செ.மீ. திரை பெரிதாகப் பெரிதாக, தேட வேண்டிய இடம்தான் கூடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருளும் உங்களுக்கு இதே காரணத்தால் உதவாது, அந்த வட்டத்துக்குள் வரும் எழுத்துகள் குறைந்துவிடும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் புலத்தையும் கணக்கில் எடுக்கிறது. நல்ல கண்ணில் 6/9 இருந்தாலும் புலம் 10 டிகிரிக்குக் கீழே போனால் அது பார்வையின்மை. அதற்கு மேல் 40 டிகிரிக்குள் இருந்தால் குறைபார்வை. உங்கள் சான்றிதழில் இது இல்லாததால்தான் ஹெச்ஆருக்குப் புரியவில்லை.

ஆகவே சாதாரண கண் பரிசோதனையோடு நிற்காமல் குறைபார்வைப் பிரிவுக்குப் போங்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் இரண்டிலும் இருக்கிறது. போகும்போது அலுவலக லேப்டாப்பும், தினமும் பார்க்கும் இன்வாய்ஸ் ஒன்றும் கையில் இருக்கட்டும். புலம் எத்தனை டிகிரி, மங்கலான எழுத்து எவ்வளவு தெரிகிறது, எத்தனை நிமிடத்தில் கண் களைக்கிறது என்பதெல்லாம் அறிக்கையில் வர வேண்டும். கடைசியில் வேலையோடு இணைக்கும் ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள்: "புலச் சுருக்கத்தால் உருப்பெருக்கம் பயன் தராது, திரையை ஒலியாக வாசிக்கும் மென்பொருளும் அதற்கான பயிற்சியும் தேவை." ஹெச்ஆர் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படிப்பார்கள்.

அவரே மீண்டும்: சரி, அறிக்கை வந்தபின் கடிதத்தில் என்ன எழுதுவது?

"தகுந்த வசதி செய்து தரவும்" என்று மட்டும் எழுதினால் மறுபடியும் மானிட்டர்தான் வரும். உங்கள் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதுங்கள்.

வங்கிக் கணக்கு ஒப்பிடுதல் எக்செல்லில் நடக்கிறது. இலவசத் திரை வாசிப்பானான என்விடிஏ கட்டத்தின் எண்ணையும் மதிப்பையும் சொல்லிவிடும், அங்கே செலவே இல்லை. ஸ்கேன் செய்த இன்வாய்ஸ் வெறும் படம். `NVDA+R` அழுத்தினால் எழுத்தை அடையாளம் கண்டு படிக்கும், ஆனால் எண்களில் தவறு வரும், கணக்கில் அது ஆபத்து. அதனால் சப்ளையரிடம் ஸ்கேனுக்குப் பதில் மூலப் பிடிஎஃப் கேட்டு வாங்கச் சொல்லி எழுதுங்கள்.

நிறுவனப் பதிவுகள் நடக்கும் ஈஆர்பி மென்பொருள்தான் சிக்கலான இடம். கடிதம் தருவதற்கு முன்னாலேயே சோதித்துப் பாருங்கள். என்விடிஏ ஓடும்போது டேப் விசையால் பதிவுத் திரை முழுக்க நகர்ந்து போங்கள். பெட்டியின் பெயரைச் சொல்லாமல் வெறும் "எடிட்" என்றால், அந்தப் பெட்டிக்கு மென்பொருள் எழுதியவர்கள் பெயர் கொடுக்கவில்லை. அதை அவர்களால் சரிசெய்ய முடியும். டேப்புக்கு அசைவே இல்லை, முழு மௌனம் என்றால் அது பெரிய வேலை. அந்தப் பணியை வேறொருவருக்கு மாற்றி வேறு பணி வாங்கிக்கொள்வது நல்லது. எது எது எந்தத் திரையில் பேசவில்லை என்று பட்டியலை இணைத்துவிடுங்கள்.

பயிற்சி நேரத்தை வேலை நேரமாகக் கேளுங்கள். காதால் எக்செல் பார்க்கப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும், அப்போது வேகம் குறையும். இது முன்கூட்டியே எழுத்தில் இல்லாவிட்டால், அந்த மாத வேகம் உங்கள் மதிப்பீட்டில் கெட்ட பெயராக வந்து நிற்கும்.

சட்டம் தெரிந்த ஒருவர்: 40 சதவீதம் மாற்றுத்திறன் சான்றிதழ் இருந்தால் போதும் சார், ஜாஸ் திரை வாசிப்பான் வாங்கித் தர எல்லா கம்பெனிக்கும் கட்டாயம். தரலேன்னா கேஸ் போடலாம்.

பாதி சரி. 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான எல்லை. நியாயமான வசதி கேட்க அது நிபந்தனை இல்லை. அரசு நிறுவனங்கள் அந்த வசதியைத் தர வேண்டும் என்று பிரிவு 20 நேரடியாகச் சொல்கிறது. பொதுத்துறை வங்கிகளும் இதில் அடக்கம்.

தனியாருக்குக் கதை வேறு. பிரிவு 21 சம வாய்ப்புக் கொள்கை வெளியிடச் சொல்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உதவிக் கருவிகள் பற்றியும் அதில் இருக்க வேண்டும். முதலில் அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள், பல இடங்களில் அதுவே இருக்காது. நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடு என்று சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. ஆனால் "அளவுக்கு மீறிய சுமை" என்று நிறுவனம் வாதாடவும் இடம் இருக்கிறது. இந்த மென்பொருளைத்தான் வாங்கியாக வேண்டும் என்று ஒரு தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியுமா என்றால், என்னால் ஆம் என்று சொல்ல முடியாது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவர் தருவது பரிந்துரை, எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

என்விடிஏ இலவசம் என்பதால் செலவைக் காட்டி மறுக்க முடியாது. விலை கொடுத்து வாங்கும் ஜாஸை, என்விடிஏவில் பேசாத திரை அதில் பேசுகிறது என்று சோதித்துக் காட்டிய பிறகு கேளுங்கள்.

ஒரு ஐடி அட்மின்: பலர் யுஎஸ்பியில் போர்ட்டபிள் என்விடிஏ கொண்டுவருகிறார்கள். அட்மின் அனுமதியோடு திறக்கும் சாளரத்தில் அது ஊமையாகிவிடும், நுழைவுத் திரையிலும் ஓடாது. முறைப்படி நிறுவத்தான் வேண்டும். எங்கள் சிக்கல் வேறு: மென்பொருள் சிட்ரிக்ஸ் வழியாக சர்வரில் ஓடுகிறது.

நிறுவுவது பற்றிச் சொன்னது மிகச் சரி தம்பி. கோரிக்கையிலேயே "நிறுவிய பதிப்பு" என்று எழுத வேண்டும். ஜாவா மென்பொருள் பேசாவிட்டால் இதையும் ஓட்டிப் பாருங்கள்:

```
jabswitch -enable
```

சிட்ரிக்ஸில் பயனரின் கணினிக்கு வருவது படம், அதில் படிக்க ஒன்றும் இல்லை. திரை வாசிப்பான் சர்வர் பக்கமும் ஓட வேண்டும். ஜாஸுக்கு அதற்குத் தனி உரிமம் உண்டு. சர்வரிலிருந்து ஒலியை மட்டும் திருப்பி அனுப்பினால் குரல் விசைக்குப் பின்னால் வரும், வேகமாக வேலை செய்பவருக்கு அது தாங்காது. உங்கள் சர்வரில் எது சரிப்படும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு அக்கா: என் மாமனாருக்குக் கண்புரை. போனைப் படித்துச் சொல்லும் ஆப் சொல்லுங்க.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கும், அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் பாருங்கள். அதற்கு முன் அறுவை சிகிச்சை பற்றி டாக்டரிடம் கேளுங்க அக்கா, கண்புரை சரிசெய்யக்கூடியது.

வட்டாட்சியர் அலுவலக உதவியாளர்: சர்க்கரையால் விழித்திரை போய்விட்டது. என்விடிஏ போட்டேன், பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஏதேதோ ஆங்கில எழுத்து சொல்கிறது. மேலதிகாரி விருப்ப ஓய்வில் போகச் சொல்கிறார்.

ஓய்வு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அரசுப் பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது பிரிவு 20(4). இந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி, அதுவும் இல்லையென்றால் தகுந்த இடம் வரும்வரை கூடுதல் பணியிடம். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

சர்க்கரை விழித்திரைக்குப் பார்வை நாளுக்கு நாள் மாறும். அதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "நேற்று படித்தாரே" என்பார்கள்.

கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்குறிகள், என்விடிஏ அதைத்தான் படிக்கிறது. யூனிகோடுக்கு மாற்றினால் தமிழாகவே வாசிக்கும். என்எச்எம் மாற்றி போன்ற கருவி போதும். மாற்றியபின் பெயர், சர்வே எண், தேதி மூன்றையும் பார்வையுள்ள ஒருவர் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். புதுக் கோப்புகளை யூனிகோடில் மட்டுமே உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கோரிக்கையில் ஒரு வரியாகச் சேருங்கள்.