கலியாண வீட்டில் கண்டவருக்கு முதல் மெசேஜ்: அக்காவிடம் கேளுங்கள்

கோண்டாவில் தம்பி: நல்லூரில பெரியப்பாவின்ர மகனுக்குக் கலியாணம். பெண்ணின்ர ஒன்றுவிட்ட தங்கச்சி பந்தியில எனக்கு ரெண்டாந்தரம் பாயாசம் தந்து சிரிச்சவ. நம்பர் கலியாணக் குரூப்பில இருக்கு. "வடிவா இருந்தியள்" எண்டு அனுப்பட்டோ?

முறை சரி, உங்களுக்கு மச்சாள்தான். ஆனால் அந்த வசனம் வேண்டாம். போன் மேசையில் கிடக்கும், பக்கத்தில் அம்மா இருப்பா, நீங்கள் அனுப்பிய வசனம் பூட்டிய திரையிலேயே தெரியும். முதல் மெசேஜை வீட்டில் யார் வாசித்தாலும் ஒன்றும் இருக்கக்கூடாது, அவவுக்கு மட்டும் விளங்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம், மாப்பிள்ளையின்ர தம்பி. நம்பர் குரூப்பில எடுத்தனான், பிழையெண்டா சொல்லுங்கோ. ஒரு சந்தேகம். ரெண்டாந்தரம் பாயாசம் எல்லாருக்குமோ?"

அம்மா பார்த்தால் பாயாசக் கதை. அவவுக்கு விருப்பமில்லை என்றால் "ஓம், எல்லாருக்கும்தான்" என்று மரியாதையாக முடித்துவிடலாம். "இல்லை, கேட்ட ஆக்களுக்கு மட்டும்" என்று வந்தால், நீங்கள் கேட்கவேயில்லையே, அதைப் பிடித்துக்கொண்டு கதையுங்கள். நம்பர் எங்கே எடுத்தீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். குரூப்பில் இருந்து எடுப்பது சிலருக்குப் பிடிக்காது. இரவு பத்துக்குப் பிறகு அனுப்பவும் வேண்டாம், அந்த நேரம் வரும் பாயாசக் கேள்வியை எந்த அம்மாவும் நம்ப மாட்டா.

சாவகச்சேரியில் இருந்து: எனக்கு மாப்பிள்ளை மாமாவின்ர மகன். அப்ப பெண்ணின்ர தங்கச்சி?

கணக்குப்படி மச்சானின் மனைவி உங்களுக்குச் சகோதரி முறை, அவவின் தங்கையும் அப்படித்தான். சில வீடுகளில் இதைப் பெரிதாக எடுப்பார்கள், சில வீடுகளில் "அது தூரம்" என்று விட்டுவிடுவார்கள். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று அம்மம்மாவிடம் பொதுவாகக் கதை கொடுத்துப் பாருங்கள். நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மானிப்பாய் தங்கச்சி: வாட்ஸ்அப்பில 24 மணித்தியாலத்தில அழியிற மாதிரிப் போட்டால் பயமில்லைத்தானே அக்கா?

பாதி சரி. மெசேஜ் அழியும், ஆனால் அதற்குள் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் அது இருக்கும். நீங்கள் அந்த வசதியைப் போட்டீர்கள் என்ற அறிவிப்பும் இரண்டு பேருக்கும் தெரியும். முதல் நாளே அதைக் கண்டால் "இவ என்னத்தை மறைக்கிறா" என்றுதான் நினைப்பார். வீட்டுக்குள் தெரியாமல் இருக்க, உங்கள் போனில் வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை மட்டும் பூட்டி வையுங்கள், வரும் வசனம் திரையில் தெரியாது.

கனடாவில் இருந்து ஒரு அம்மா: என்ர மகனுக்கு அந்தப் பிள்ளையின்ர குறிப்பை மெசேஜில கேக்கலாமோ பிள்ளை?

அம்மா, அது தரகரின் வேலை, இங்கே இன்னும் பாயாசத்திலேயே நிற்கிறோம்.

பெயர் வேண்டாம்: நீலச் சரி விழுந்து ரெண்டு நாள். பதில் இல்லை. இன்னொண்டு அனுப்பவோ?

கலியாணப் படம் ஏதாவது உண்மையாகவே அவரிடம் சேர வேண்டியதாக இருந்தால், ஒரு கிழமை கழித்து அதை மட்டும் அனுப்புங்கள், கேள்வி எதுவும் வேண்டாம். அதற்கும் பதில் இல்லை என்றால் நிறுத்துங்கள். அவரின் தங்கையைக் கொண்டு விசாரிக்க வேண்டாம், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த சடங்கில் நேரே கண்டால் வணக்கம் சொல்லுங்கள், மெசேஜ் கதையை அவர் எடுத்தால் மட்டும் கதையுங்கள்.