தமிழ்க் குரல் நீளுகிறது, எழுத்து பெட்டியைத் தாண்டுகிறது: ஒரே வீடியோவைப் பல மொழிகளில் எடுக்கும்போது

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்துக்காக ஓ.ஆர்.எஸ். கரைசல் தயாரிப்பது பற்றி 90 நொடி ஆங்கில வீடியோ செய்திருக்கிறோம். அதையே தமிழ், தெலுங்கு, இந்தியில் வெளியிட வேண்டும். தமிழில் குரல் பதிவு செய்தால் 104 நொடி வருகிறது. திரையில் வரும் எழுத்தும் பெட்டிக்குள் அடங்கவில்லை. குரலை வேகப்படுத்திவிடலாம் என்கிறார் எடிட்டர். சரியா?

பதில்: 104 நொடியை 90-க்குள் அடக்க, குரலை 15 சதவீதத்துக்கும் மேல் வேகப்படுத்த வேண்டும். அளவு சொல்லித் தரும் வீடியோவுக்கு அது ஆகாது. "ஒரு லிட்டர்" என்பது ஓடிப்போய்விட்டால் வீடியோ எடுத்ததே வீண். வேகத்தைக் கூட்டுவதைக் கடைசியாக, 5 சதவீதத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் குறைக்க வேண்டியது வசனத்தை.

முழு வசனத்தையும் ஒரே மூச்சில் மொழிபெயர்த்ததுதான் நீளத்துக்குக் காரணமாக இருக்கும். ஷாட் ஷாட்டாகப் பிரித்து ஒரு அட்டவணை போடுங்கள். ஷாட் எண், தொடங்கும் நொடி, நீளம், படத்தில் நடப்பது, குரல் வரி, திரை எழுத்து என்று ஆறு பத்தி போதும். ஒவ்வொரு மொழிக்கும் கடைசி இரண்டு பத்திகள் மட்டும் மாறும்.

வரி அடங்குமா என்பதை ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே பார்த்துவிடலாம். சொற்களை எண்ணிப் பயனில்லை; ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டி வரும். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணுங்கள். நிதானமான விளக்கக் குரலுக்கு நொடிக்கு ஐந்தரை எழுத்து என்று வைத்துத் தொடங்கலாம். பிறகு உங்கள் குரல் கலைஞரை ஒரு பத்தி படிக்கச் சொல்லி, அவருடைய வேகத்தை அளந்து அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். எண்களை வாயில் வருகிறபடி எழுதி எண்ண வேண்டும். "24" என்பது திரையில் இரண்டு இலக்கம்தான், ஆனால் "இருபத்து நான்கு" என்று சொல்லும்போது ஆறு எழுத்து. இந்தியில் அதே எண் "சௌபீஸ்", இரண்டே எழுத்து.

பொடியைத் தண்ணீரில் கொட்டும் ஷாட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தைப் பின்பற்றிப் பெயர்த்தால் இப்படி வரும்: "பாக்கெட்டில் உள்ள பொடி முழுவதையும் ஒரு லிட்டர் அளவுள்ள சுத்தமான குடிநீரில் போட்டு நன்றாகக் கலக்க வேண்டும்." புள்ளி எழுத்து நீக்கி 38 எழுத்து, ஏறத்தாழ 7 நொடி. இதையே "பாக்கெட்டைப் பிரியுங்கள். முழுப் பொடியையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரையுங்கள்" என்றால் 25 எழுத்து. நாலரை நொடியில் சொல்லிவிடலாம். நடுவே அரை நொடி மூச்சு விட்டாலும் ஒரு நொடி மிஞ்சும். "உள்ள", "அளவுள்ள", "வேண்டும்" போன்றவை போனதால் பொருள் குறையவில்லை. குடிநீர் என்று சொன்ன பிறகு "சுத்தமான" என்பதும் தேவையில்லை. முழுப் பொடி, ஒரு லிட்டர் என்ற இரண்டும் மட்டும் எந்த மொழியிலும் வெட்டப்படக் கூடாது.

நீளத்தை விடத் தொல்லை தருவது சொல் வரிசை. ஆங்கிலத்தில் "கொட்டு" என்ற வினை முதலில் வரும், "ஒரு லிட்டர் தண்ணீரில்" என்பது கடைசியில் வரும். படமும் அதே வரிசையில் வெட்டப்பட்டிருக்கும். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் வினை கடைசியில்தான் நிற்கும். அதனால் திரையில் பொடி கொட்டி முடிந்த பிறகும் குரல் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். மேலே வாக்கியத்தை இரண்டாக உடைத்தது இதற்காகவும்தான்: பிரிக்கும்போது பிரிப்பது காதில் விழுகிறது, கொட்டும்போது கொட்டுவது விழுகிறது. எல்லா ஷாட்டிலும் இவ்வளவு துல்லியம் தேவைப்படாது. பாக்கெட்டைப் பிரிப்பது, கொட்டுவது, திரையில் அளவு தோன்றுவது போன்ற நான்கைந்து இடங்களை அட்டவணையில் நட்சத்திரமிட்டு, அங்கே மட்டும் கால் நொடிக்குள் பொருத்துங்கள். மற்ற வரிகள் முன்பின் நகரலாம்.

அடுத்தது எழுத்து. ஆங்கில வீடியோவின் புராஜெக்ட் ஃபைல் உங்களிடம் இருந்தால், எழுத்து லேயர்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு, எழுத்தே இல்லாத ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். இசையும் பின்னணி ஒலியும் குரல் இல்லாமல் தனி டிராக்காக வேண்டும். மூன்று மொழிக்கும் அடிப்படை இவை இரண்டும்தான். எழுத்து பதிந்துபோன வீடியோ மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்த இடத்தின் மேல் ஒரே நிறப் பட்டை போட்டுப் புது எழுத்தை வைப்பதே சுத்தமான வழி. மங்கலாக்கினால் பழைய ஆங்கிலம் நிழல்போலத் தெரிந்துகொண்டே இருக்கும்.

தமிழ் எழுத்து அகலம் பிடிக்கும். ஆங்கிலப் பெட்டியை விடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலம் வைத்துத் திட்டமிடுங்கள். எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், போனில் படிக்க முடியாது. சொல்லைக் குறையுங்கள்: "24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும்" என்பது "24 மணி நேரத்துக்குள் குடிக்கவும்" ஆகட்டும். "ஒரு நாளைக்குள்" என்றால் இன்னும் சிறியதுதான், ஆனால் பொழுது சாயும் வரை என்றும் எடுத்துக்கொள்வார்கள். இங்கே நீளமானதே சரி. உயரத்தையும் பாருங்கள். தெலுங்கில் ஒத்தெழுத்து வரியின் கீழே தொங்கும், இந்தியில் உயிர்க்குறிகள் மேலே ஏறும். ஆங்கிலத்துக்கு அளவாக வெட்டிய பெட்டியில் இவை அறுபடும்.

"கொ" என்பது உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், குற்றம் ஃபான்ட்டினுடையதாக இல்லாமலும் இருக்கலாம். பிரீமியர் என்றால் Preferences > Graphics, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் Preferences > Type பகுதியில் Text Engine-ஐ South Asian and Middle Eastern என்று மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து எழுத்தை மறுபடி ஒட்டுங்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு செய்வதுபோல வரும் அனிமேஷனையும் நீக்கிவிடுங்கள். அது உயிர்மெய்யைப் பிய்த்துப் போடும். சொல் சொல்லாக வரவைத்தால் எந்த மொழியிலும் சிக்கலில்லை. இந்தியில் எழுத்து இடைவெளியைக் கூட்டினால் மேல்கோடு அறுந்துவிடும், அதைச் சுழியத்திலேயே வையுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் மூன்று மொழியிலும் போனில் மாதிரிக் குரல் பதிவு செய்து படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எந்த ஷாட்டில் எந்த மொழி மிக நீளமோ அந்த நீளத்துக்கே அந்த ஷாட்டை நீட்டுங்கள். வரைபடம், எழுத்து அட்டை, கடைசிச் சின்னம் போன்ற அசையாத ஷாட்டுகள் ஒரு நொடி கூடுதலாக நின்றால் யாருக்கும் உறுத்தாது. அதன் பிறகு படத்தில் கை வைக்காமல் ஸ்டுடியோவில் பதிவு செய்யுங்கள். இறுதி வீடியோ 94 நொடி வந்தால் வரட்டும். மூன்றுக்கும் ஒரே நீளமாக இருந்தால் போதும், ஒரு மொழியில் திருத்தினால் மற்றவற்றில் தேட வேண்டியிராது.

இதற்குப் பிறகும் ஒரு வரி சற்று நீண்டால், வாக்கியங்களுக்கு நடுவே உள்ள மௌனத்தைக் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால், அந்த வரியை மட்டும் குரலின் சுருதி மாறாமல் 4 சதவீதம் வேகப்படுத்தலாம்:

```
ffmpeg -i ta_shot04.wav -filter:a "atempo=1.04" ta_shot04_fix.wav
```

முடிந்ததும் ஒவ்வொரு மொழியையும் அந்த மொழி பேசுபவர் ஒருவர் போனில் இரண்டு முறை பார்க்கட்டும். ஒலியை அணைத்து ஒருமுறை: ஒவ்வொரு எழுத்து அட்டையையும் நிதானமாக இரண்டு தரம் படிக்க நேரம் இருக்கிறதா? திரையைப் பார்க்காமல் ஒருமுறை: பொடி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பது குரலிலேயே கிடைக்கிறதா? எழுத்துப் படிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்டே கரைசலைக் கலக்கப் போகிறார்.