ஹைப்ரிட்-பை மாதிரி: தாளில் 188, மேசையில் 63

தேர்வுக்குப் படிக்கிறேன். டிரான்சிஸ்டரின் ஹைப்ரிட்-பை மாதிரியை வரையும்போது மின்வழங்கியின் நேர்முனையைத் தரையோடு இணைக்கிறார்கள். குறுக்குச்சுற்று ஆகாதா, ஐயா?

அந்தப் படத்தில் இருப்பவை மாற்றங்கள் மட்டுமே. வழங்கியின் மின்னழுத்தம் அசையாது, அதனால் அதன் மாற்றம் சுழியம். தரைக்கும் அப்படியே. உண்மைச் சுற்றில் யாரும் அவற்றை இணைப்பதில்லை.

பீட்டா இரு மடங்கான டிரான்சிஸ்டரைப் போட்டால் பெருக்கமும் இரு மடங்காகும், சரிதானே?

பாதி சரி. எமிட்டர் தரையில் இருக்கும் சுற்றில் கலெக்டர் மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர், கலெக்டர் மின்தடை 4.7 கிலோஓம் என்று கொள்ளுங்கள்.

```
gm = IC/VT = 1 mA / 25 mV = 40 mS
vo = -gm·vπ·RC
vo/vπ = -40 mS × 4.7 kΩ = -188
```

இதில் பீட்டா எங்கும் இல்லை. அது `rπ = β/gm` வழியாகத்தான் நுழைகிறது. பீட்டா 100 என்றால் rπ 2.5 கிலோஓம். பையாஸ் மின்னோட்டம் மாறாதவரை, சமிக்ஞை மூலத்துக்குத் தன் மின்தடை இருந்தால்தான் பீட்டாவின் தாக்கம் தெரியும்.

எனக்கும் 188 வந்தது. அலைக்காட்டியிலோ 63தான். மூலத்தின் மின்தடை 1 கிலோஓம், பேஸ் பையாஸ் மின்தடைகள் இணையாக 10 கிலோஓம், வெளியீட்டில் 4.7 கிலோஓம் சுமை.

உங்கள் அலைக்காட்டி சொல்வது சரி. இரண்டு இடங்களில் இழக்கிறீர்கள். சுமை RC-உடன் இணையாகச் சேர்வதால் 4.7 என்பது 2.35 ஆகி, 188 என்பது 94 ஆகிறது. உள்ளீட்டில் rπ-யும் 10 கிலோஓமும் சேர்ந்து 2 கிலோஓம். மூலத்தின் 1 கிலோஓம் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட, மீதிதான் vπ ஆகிறது.

```
vo/vs = -94 × 2/(1+2) ≈ -63
```

இப்போது பீட்டாவை 200 ஆக்கிப் பாருங்கள். உள்ளீட்டு மின்தடை 3.33 கிலோஓம் ஆகும், பெருக்கம் 72 ஆகும். முந்தைய கேள்விக்கும் இதுவே பதில்: இரு மடங்கு பீட்டாவுக்குக் கிடைத்தது 15 சதவீதம்.

என் சுற்றிலும் இதே சிக்கல்தான், ஆனால் 5கூட வரவில்லை. சுமை, மூல மின்தடை எதுவும் இல்லை. எமிட்டரில் 1 கிலோஓம் இருக்கிறது.

இது வேறு சிக்கல். vπ என்பது பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே உள்ளது. பேஸுக்கும் தரைக்கும் இடையே அல்ல. எமிட்டர் மின்தடைக்கு இணையாக மின்தேக்கி இல்லாவிட்டால் எமிட்டரும் பேஸோடு சேர்ந்தே ஏறி இறங்கும், vπ சுருங்கிவிடும்.

```
vo/vi ≈ -gm·RC/(1 + gm·RE) = -188/41 ≈ -4.6
```

100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, நேர்முனை எமிட்டர் பக்கம் இருக்குமாறு இணைத்துப் பாருங்கள். ஒரு கிலோஹெர்ட்ஸில் பெருக்கம் சட்டென்று எகிறினால் காரணம் அதுதான். அப்போது உள்ளீட்டை 5 மில்லிவோல்ட்டுக்குள் வையுங்கள். இல்லையேல் அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் வடிவம் மாறிவிடும்.

டிரான்சிஸ்டரின் வெளியீட்டு மின்தடை ro-வை விட்டுவிட்டீர்களே?

எர்லி மின்னழுத்தம் 100 வோல்ட் என்றால் இங்கே ro 100 கிலோஓம். 2.35 கிலோஓமுக்கு இணையாக அதைச் சேர்த்தால் பெருக்கம் சுமார் 2 சதவீதம் குறையும். மின்தடைகளின் 5 சதவீதப் பிழையில் அது மறைந்துவிடும். கலெக்டரில் மின்தடைக்குப் பதில் மின்னோட்ட மூலம் இருந்தால் நிலைமை வேறு, ro-தான் பெருக்கத்தைத் தீர்மானிக்கும். எர்லி மதிப்பைப் பல தரவுத்தாள்கள் தருவதில்லை. அந்தச் சுற்றுக்குக் கைக்கணக்கைப் போடுவதா, நேரே அளந்துவிடுவதா என்பதில் இத்துறையில் இருப்பவர்களே ஒத்துப்போவதில்லை. நான் அளப்பேன்.