‘வலியே இல்லை’ என்று எழுதலாமா?

கேள்வி: டொக்டர், நான் கிளிநொச்சியில் ஒரு தனியார் பற்சிகிச்சை நிலையத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். எங்கள் சேவை விவரங்களைத் திருத்தி எழுதும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். வேர்ச் சிகிச்சைக்கு இப்போது இருப்பது இதுதான்: “நவீன முறையில் வலியே இல்லாத வேர்ச் சிகிச்சை. ஒரே தடவையில் முடியும். உங்கள் பல் வாழ்நாள் முழுதும் நிலைக்கும். பயம் வேண்டாம்!” போன மாதம் துணுக்காயிலிருந்து வந்த ஒரு ஐயா, “வலிக்காது எண்டுதானே போட்டிருக்கிறியள்” என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழும்பிப் போய்விட்டார். பொய் எழுத மனமில்லை. ஆனால் உள்ளதை எழுதினால் பயந்தவர்கள் வரவே மாட்டார்களே. எப்படி எழுதுவது?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: அந்த ஐயா கேட்டது நியாயம். அவருடைய பல்லில் என்ன நடந்திருக்கும் என்று பார்த்தாலே, எதை எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதனால் வேர்ச் சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பல் பிடுங்குவதற்கும் அடைப்பதற்கும் இதே வழியில் நீங்களே எழுதிவிடலாம்.

எங்கள் ஆட்கள் பல்லுக்கொதி தொடங்கியவுடன் வருவது குறைவு. பனடோலும் கராம்பும் வைத்துச் சமாளித்து, இரவில் படுக்க முடியாத நிலை வந்த பிறகுதான் வருகிறார்கள். அதற்குள் பல்லின் உள்ளே இருக்கும் நரம்புத் திசு கடுமையாக அழற்சி அடைந்திருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல் என்றால், தாடையின் பின்பக்கம் பெரிய நரம்புக்கு அருகில் விறைப்பூசி போடுவோம். சில நிமிடங்களில் உதடு விறைத்துவிடும். ஆனால் உதடு விறைத்துவிட்டது என்பதற்காகப் பல்லும் விறைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அழற்சி பிடித்த நரம்பு மருந்துக்கு இலேசில் அடங்காது. இப்படிப்பட்ட பல்லுக்கு அந்த ஒரு ஊசி போதாமல் போவது எந்தப் பல் வைத்தியருக்கும் அடிக்கடி நடப்பதுதான், அது திறமைக் குறைவு அல்ல.

போதாவிட்டால் செய்வதற்கு வழிகள் உண்டு. பல்லுக்குப் பக்கத்து முரசில் இன்னொரு ஊசி போடலாம். பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் சிறிதளவு மருந்து செலுத்தலாம். கடைசி வழியாக, பல்லைத் திறந்த பிறகு நரம்புத் திசுவுக்குள்ளேயே போடலாம். அது ஒரு கணம் சுரீர் என்று வலித்து, உடனே அடங்கும். பெரும்பாலான பற்கள் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு அடங்கிவிடும். அப்படியும் அடங்காவிட்டால், அன்றைக்கு மருந்து வைத்து மூடிவிட்டு, சில நாட்கள் கழித்துத் தொடரலாம்.

அப்புறம் இன்னொரு விஷயம். விறைப்பூசி கூர்மையான வலியைத்தான் மறைக்கும். அழுத்துவது தெரியும், அதிர்வு தெரியும், சத்தம் கேட்கும். “வலியே இல்லை” என்று வாசித்துவிட்டு வந்த ஒருவருக்கு, முதல் அழுத்தம் தெரிந்தவுடனேயே ஏதோ பிழைத்துவிட்டது என்று தோன்றும். உடம்பு விறைக்கும், கை கதிரையை இறுக்கிப் பிடிக்கும். அதற்குப் பிறகு சின்ன நோவும் பெரிதாகத்தான் தெரியும். உங்கள் ஐயா எழும்பிப் போனது அந்த இடத்திலாகத்தான் இருக்க வேண்டும். இதுதான் நடக்கும், இவ்வளவு நேரம் இருக்கும், அதிகமானால் இதைச் செய்வோம் என்று முன்கூட்டியே தெரிந்தவர், அதே அழுத்தத்தை அமைதியாகக் கடந்துவிடுவார்.

ஆகவே என் கருத்து இதுதான். பல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதற்குக் கொடுக்கலாம். “வலிக்காது” என்பது பல்லைப் பற்றிய வாக்கு. “விறைத்ததைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் தொடங்குவோம், வலி தெரிந்தால் நிறுத்தி மேலும் மருந்து போடுவோம்” என்பது உங்களைப் பற்றிய வாக்கு. இரண்டாவதை எல்லா நாளும் காப்பாற்றலாம்.

உள்ளதை எழுதுவது என்றால் ஊசியையும் துளைப்பதையும் ஒன்றுவிடாமல் வர்ணிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி போடப்போகும் நேரத்தில் “இப்ப நல்லா நோகும்” என்று சொன்னால் அந்த ஊசி கூடுதலாகத்தான் நோகும். எழுத்திலும் அப்படித்தான். என்ன உணர்வு, எவ்வளவு நேரம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

“ஒரே தடவையில் முடியும்” என்ற வரிதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. சில பற்களை ஒரே அமர்வில் முடிக்கலாம், உண்மைதான். ஆனால் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்குள் சுத்தம் செய்ய வேண்டிய மூன்று, நான்கு கால்வாய்கள் இருக்கும். சீழ் இருந்தால் உள்ளே மருந்து வைத்து, தற்காலிக அடைப்புப் போட்டு, ஒன்று இரண்டு கிழமை கழித்துத்தான் முடிக்க வேண்டிவரும். முதல் தடவையிலேயே கொதி பெரும்பாலும் நின்றுவிடும். அங்கேதான் ஆபத்து. காலபோக அறுவடை நேரமாக இருந்தால், கொதி இல்லாத பல்லுக்காக மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் பஸ் ஏறுவார்? தற்காலிக அடைப்பு சில கிழமைகளுக்கு மட்டும் தாங்கும் பொருள். அது தேய்ந்தோ உடைந்தோ போனால் எச்சிலோடு கிருமியும் திரும்ப உள்ளே போகும். இரண்டு மாதம் கழித்து முகம் வீங்கி வருவார், அல்லது பல் இரண்டாகப் பிளந்து வருவார். பிளந்த பல்லைப் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழி இல்லை. “அங்க செய்தும் வீங்கிப் போச்சு” என்று ஊருக்குள் கதை பரவும். எனவே “கொதி நின்றாலும் சிகிச்சை முடியவில்லை” என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

பயந்தவர்கள் வராமல் போவார்களோ என்று கேட்டீர்கள். இரவு முழுக்கப் படுக்காதவர் எப்படியும் வருவார். அவர் இரண்டாம் தடவையும் வருவாரா என்பதைத்தான் நீங்கள் எழுதுவது தீர்மானிக்கும்.

வாழ்நாள் முழுதும் நிலைக்கும் என்பதையும் எடுத்துவிடுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வேர்ச் சிகிச்சை செய்து 2 முதல் 10 ஆண்டுகளுக்குப் பிறகு 100 பற்களில் ஏறத்தாழ 86 முதல் 93 வரை வாயிலேயே இருந்தன. இது நல்ல செய்தி, அப்படியே சொல்லலாம். ஆனால் எல்லாப் பல்லுக்கும் ஒரே மாதிரி இல்லை. கடைவாய்ப் பல் சிகிச்சைக்குப் பிறகு மேலே உறை போடாமல் விடப்பட்டால் மெல்லும் அழுத்தத்தில் உடைந்துபோகும் ஆபத்துக் கூடுதல். உறைக்குத் தனிச் செலவு என்றால் அதையும் தொடக்கத்திலேயே எழுதுங்கள். பாதி வழியில் காசு போதாமல் போகும் என்ற பயமும் பயம்தான். அந்தச் செலவு முடியாதவருக்குப் பல்லைப் பிடுங்குவதும் ஒரு வழி என்று சொல்வதில் உங்கள் நிலையத்துக்கு எந்தக் குறைவும் வராது.

கடைசி வரி, “பயம் வேண்டாம்.” அப்படி எழுதினால், பயம் உள்ளவர் அதைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு கதிரையில் ஏறுவார். வன்னியில் இதை நாங்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். 2009 வரை நடந்ததை உடம்பில் சுமந்தபடிதான் பலர் வருகிறார்கள். சாய்த்த கதிரை, முகத்துக்கு நேரே வெளிச்சம், முகமூடி போட்ட ஆட்கள், துளைக்கும் சத்தம், வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பது ஆகியவை சிலருக்கு ஊசியைவிடத் தாங்க முடியாதவை. காரணம் கேட்க வேண்டாம். அவர் கையில் கொஞ்சம் கட்டுப்பாட்டைக் கொடுங்கள்: கை தூக்கினால் நிறுத்துவது, கதிரையை அதிகம் சாய்க்காமல் வைப்பது, ஒருவரைக் கூட்டிவர அனுமதிப்பது. இவற்றில் உங்கள் டொக்டர் உண்மையாகவே செய்வதை மட்டும் எழுதுங்கள். கை தூக்கியும் “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லித் தொடர்ந்தால், அந்த ஆள் இன்னொரு தடவை எந்தப் பல் வைத்தியரிடமும் போகமாட்டார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வேர்ச் சிகிச்சை: பல்லின் உள்ளே பழுதான நரம்புத் திசுவை எடுத்து, சுத்தம் செய்து, அடைத்து, பல்லைக் காப்பாற்றப் பார்க்கும் சிகிச்சை. முதலில் விறைப்பூசி போடுவோம். பல் விறைத்ததா என்று சோதித்த பிறகே தொடங்குவோம். அழுத்தமும் அதிர்வும் தெரியும், அது வழமை. வலி தெரிந்தால் கையைத் தூக்குங்கள். நிறுத்தி, மேலும் மருந்து போடுவோம். உதடும் கன்னமும் சில மணி நேரம் விறைத்திருக்கும். அதுவரை சூடானதைக் குடிக்காமலும் கன்னத்தைக் கடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாட்கள் கடிக்கும்போது நோகலாம். டொக்டர் சொல்லும் வலி மாத்திரை பெரும்பாலும் போதும். பல பற்களுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை வர வேண்டும். கொதி நின்றாலும் சிகிச்சை முடியவில்லை, தற்காலிக அடைப்பு நீண்ட நாள் தாங்காது. பெரும்பாலான பற்கள் பல ஆண்டுகள் நிலைக்கும், சில பற்கள் சரிவராமலும் போகலாம். உங்கள் பல்லின் நிலையையும் முழுச் செலவையும் எக்ஸ்ரே பார்த்து, தொடங்கும் முன் சொல்வோம். பயமாக இருந்தால் வந்தவுடன் சொல்லுங்கள். ஒருவரைக் கூட்டிவரலாம்.”

இதன் கீழே தொலைபேசி எண்ணைப் போட்டு, வீக்கம் கூடினால் உடனே அழைக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வீக்கம் பரவினால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை உங்கள் டொக்டரிடம் வரிவரியாக வாசித்துக் காட்டி, “இதை ஒவ்வொருவருக்கும் செய்கிறோமா?” என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லும் வரியை வெட்டிவிடுங்கள். பிறகு பல் வைத்தியத்தோடு சம்பந்தமில்லாத, பல்லுக்குப் பயந்த உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்து, தனக்கு என்ன நடக்கும் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். எத்தனை தடவை வர வேண்டும், வலித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டுக்கும் அவர் சரியாகப் பதில் சொன்னால் அச்சிடலாம். அவர் தடுமாறும் இடத்தைத் திரும்ப எழுதுங்கள்.