வாடகை உடை வேண்டாம், பாட்டியை அழையுங்கள்

"தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்ட முன்பள்ளியில் கற்பிக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் 20 பேர். 'எமக்கு உதவுவோர்' தொனிப்பொருளுக்குப் பொலிஸ், டாக்டர் உடைகளும் இணைக்கும் பயிற்சித்தாளும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 900 ரூபாய் என்று டவுனில் ஒருவர் சொல்கிறார். பெற்றோரிடம் கேட்கலாமா? விருந்தினராக யாரை அழைப்பது?"

கேட்காதீர்கள், டீச்சர். முழு உடை மாட்டிய பிள்ளை விளையாடாது. அழுக்காகிவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கும். மாலையில் ஒரு பொத்தான் குறைந்தால் வாடகைக்காரர் அதற்கும் உங்களிடம்தான் பணம் கேட்பார். மேற்பார்வைக்கு வருபவர்கள் பிள்ளை என்ன பேசியது என்று கேட்பதில்லை, புகைப்படத்தைத்தான் கேட்கிறார்கள். இந்த வியாபாரம் தழைப்பது அதனால்தான்.

ஆளுக்கு ஓர் அடையாளப் பொருள் போதும். கொழுந்து பறிப்பவருக்குச் சிறு கூடை, நடத்துநருக்குத் தோள்பை, நிறை பார்க்க வரும் குடும்பநல மாதுவுக்கு ஒரு கொப்பி, ஒரு பொம்மை. நான்கைந்து பேராகப் பிரித்து, மூலைக்கு ஒரு குழுவாக விடுங்கள். பத்து நிமிடத்தில் மூலை மாறட்டும். ஊசி போடும் விளையாட்டை நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஐந்து வயதுத் தடுப்பூசி சிலருக்கு அண்மையில்தான் போட்டிருப்பார்கள், தராசிலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பயிற்சித்தாளும் வேண்டாம். எங்கோ வரைந்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து விற்கிறார்கள். நம் நாட்டில் பொலிஸாருக்கும் தபால்காரருக்கும் காக்கிதான். நிறமும் போய்விட்டால் இருவரையும் பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? அதோடு, பல தோட்டங்களில் கடிதம் லயத்து வாசலுக்கு வருவதில்லை, தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. பல லயத்து வீடுகளுக்கு ஒழுங்கான முகவரி இல்லை. ஆனால் பிள்ளை மட்டும் தபால்காரரையும் சைக்கிளையும் கோட்டால் இணைக்க வேண்டுமாம்!

நீங்களே நான்கு சோடிகள் வரையுங்கள்: கொழுந்து பறிப்பவர்–கூடை, நடத்துநர்–டிக்கெட், குடும்பநல மாது–தராசு, தச்சர்–சுத்தியல். பையை வரையாதீர்கள், அது பலருக்கும் பொருந்தும். சரியான சோடி எதுவும் நேர் எதிரே வரக்கூடாது. அப்படி வைத்தால்தான் உங்களுக்கு ஒன்று தெரியும்: நான்கு கோட்டையும் நேராகவே இழுத்த பிள்ளை படத்தைப் பார்க்கவில்லை, கோடுதான் போட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தாளை மறுபடி கொடுக்காமல், மேசையில் உண்மைப் பொருட்களை வைத்துக் கேளுங்கள். அங்கே சரியாகச் சொன்னால் குறை தாளில் இருக்கிறது. சுத்தியலை நடத்துநரோடு இணைத்த பிள்ளையிடமும் காரணம் கேட்ட பிறகே தவறு போடுங்கள். வழியில் பழுதான பஸ்ஸைத் தட்டிச் சரிசெய்ததை அது பார்த்திருக்கலாம்.

பிள்ளை பார்த்துப் பழகியவர்கள் மட்டும் போதும். ஒரே ஒரு விலக்கு, அம்புலன்ஸ். பிள்ளை அதைப் பார்த்திராவிட்டாலும் சேருங்கள். 1990 இலவச அழைப்பு, நான்கு இலக்கம். ஐந்து வயதுக்கு மனத்தில் நிற்கும். ஆனால் இலக்கம் மட்டும் தெரிந்து பயனில்லை. எங்கே வருவது என்று கேட்டால் "எங்கள் வீட்டுக்கு" என்றுதான் பிள்ளை சொல்லும். ஆகவே அட்டைப்பெட்டித் தொலைபேசியில் ஒருவர் அழைக்க, மற்றவர் "எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் லயம், பக்கத்தில் கோவிலா மடுவமா?" என்று கேட்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது பதில் சொல்ல வேண்டும். பழைய கைத்தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். சிம் இல்லாவிட்டாலும் சில கருவிகளில் அவசர அழைப்பு போய்விடும். அந்த இலக்கம் விளையாட்டுக்கு அல்ல என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

விருந்தினராகப் பொலிஸ்காரரைத் தேடி அலைய வேண்டாம். சீருடைக்காரர் என்றால் கூட்டம் கூடும், சால்வை போர்த்துவார்கள், பிள்ளைகள் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். வேலைக்குப் போகும் தாயையும் காலையில் அழைக்காதீர்கள், அவருக்கு அரைப்பேர் போய்விடும். ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பாட்டி ஒருவர் உங்கள் லயத்திலேயே இருப்பார். கூடையையும் மட்டக்கம்பையும் எடுத்து வரச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும். உரை வேண்டாம், கூடையை எப்படி மாட்டுவது, மழை வந்தால் என்ன செய்வது என்று காட்டட்டும். பிறகு ஒரு பிடி கொழுந்தைப் பாயில் கொட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக உள்ளதையும் முற்றிய இலையையும் பிள்ளைகளே பிரிக்கட்டும். "பாட்டி என்ன செய்வார்?" என்ற கேள்வியைவிட "முற்றிய இலையை ஏன் ஒதுக்கினீர்கள்?" என்று ஒரு பிள்ளையாவது பாட்டியிடம் கேட்கும்படி முதல் நாளே பழக்குங்கள்.

அந்த ஒரு பிடி கொழுந்துக்கும் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுத்தில் கொடு என்று கேட்டாலும் கேட்பார்கள்.